சைன் அலையின் மட்டு மதிப்பை வரைந்து அலைவுக் காலத்தைக் கண்டறிதல்: முழு அலைத் திருத்தியைக் கொண்டு ஒரு வழிகாட்டி

பதினோராம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் y = |sin x| என்று வரும் சார்பும், பாலிடெக்னிக் ஆய்வகத்தில் நான்கு டையோடுகளை இணைத்துச் செய்யும் முழு அலைத் திருத்தியின் வெளியீடும் வடிவத்தில் ஒன்றேதான். ஆனால் கணக்கு வகுப்பில் அதை ரேடியனில் வரைகிறோம், ஆய்வகத்தில் மில்லி நொடியில் பார்க்கிறோம். இடையில் இருக்கும் தொடர்பைப் பலரும் கவனிப்பதில்லை. வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதிகளில் முதன்முறையாக இந்தச் சோதனையைச் செய்யப் போகும் மாணவரை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஒரே ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு, அதைத் தாளில் வரைந்து, அதன் அலைவுக் காலத்தைக் கண்டு, பிறகு உண்மையான சுற்றில் அது எங்கெங்கே மாறுபடுகிறது என்று பார்ப்போம்.

அளவுகளை முதலில் தீர்மானித்தல்

வீட்டு மின்சாரத்தைக் குறைத்து 12 வோல்ட் தரும் ஒரு சிறு மின்மாற்றி, 1N4007 வகை டையோடுகள் நான்கு, 1000 ஓம் மின்தடை ஒன்று ஆகியவற்றைக் கொண்டது நம் சுற்று. மின்தேக்கி எதுவும் இணைக்கக் கூடாது. அதை இணைத்தால் அலையின் பள்ளங்கள் நிரம்பிப்போய், நாம் பார்க்க விரும்பும் வடிவமே மறைந்துவிடும். அளவீடுகள் எல்லாவற்றையும் மின்மாற்றியின் 12 வோல்ட் பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்தில் எந்தக் கம்பியையும் தொடவோ அங்கே அளக்கவோ கூடாது.

12 வோல்ட் என்பது அலையின் உச்சம் அன்று, அதன் ஆர்.எம்.எஸ். மதிப்பு. உச்சத்தைப் பெற அதை √2-ஆல் பெருக்க வேண்டும். 12 × 1.414 = 16.97, அதாவது ஏறத்தாழ 17 வோல்ட். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒரு முழுச் சுழற்சிக்கு 1/50 நொடி, அதாவது 20 மில்லி நொடி ஆகிறது. ஆகவே திருத்திக்குள் நுழையும் அலை இது:

v(t) = 17 sin(100πt)

திருத்தி வெளியே தர வேண்டிய அலை இது:

u(t) = 17 |sin(100πt)|

நான்கு டையோடுகளும் சேர்ந்து செய்வது, உள்ளே வரும் மின்னழுத்தம் எந்தத் திசையில் இருந்தாலும் மின்தடையின் வழியாக மின்னோட்டத்தை ஒரே திசையில் செலுத்துவதுதான். எதிர்மறை மதிப்பின் குறியை மட்டும் மாற்றி, அளவை அப்படியே விட்டுவிடுவது மட்டு மதிப்பின் வேலை. ஆகவே இந்தச் சுற்றை மட்டு மதிப்புக் காணும் சுற்று என்றே கூறலாம்.

தாளில் வரைதல்

செண்டிமீட்டர் கட்டங்கள் உள்ள சாதாரண வரைபடத் தாளை நீளவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் 1 செண்டிமீட்டர் 30 பாகையைக் குறிக்கட்டும். அப்போது 20 மில்லி நொடி கொண்ட முழுச் சுழற்சி 12 செண்டிமீட்டரில் அடங்கும். ஒவ்வொரு செண்டிமீட்டரும் 1.67 மில்லி நொடி ஆகும். ஒன்றரைச் சுழற்சி, அதாவது 18 செண்டிமீட்டர் வரையில் வரைந்தால் போதும். அதற்குக் குறைவாக வரைந்தால், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும் வாய்ப்பு இருக்காது. நெடு அச்சில் 1 செண்டிமீட்டருக்கு 5 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மட்டு மதிப்பை மறந்துவிட்டு, சாதாரண சைன் அலையைப் பென்சிலால் மெலிதாக வரையுங்கள். தொடக்கத்தில் உயரம் 0. 30 பாகையில் 8.5 வோல்ட், அதாவது 1.7 செண்டிமீட்டர், 60 பாகையில் 14.7 வோல்ட், அதாவது 2.9 செண்டிமீட்டர், 90 பாகையில் 17 வோல்ட், அதாவது 3.4 செண்டிமீட்டர். பிறகு இதே உயரங்கள் தலைகீழ் வரிசையில் வந்து 180 பாகையில் மீண்டும் 0 ஆகும். 180 முதல் 360 பாகை வரை இதே எண்கள் அச்சுக்குக் கீழே வரும். 360 பாகைக்குப் பிறகு முதல் அரைச் சுழற்சியை அப்படியே இன்னொரு முறை வரைந்தால் 18 செண்டிமீட்டர் நிறைவடையும்.

அடுத்து, அச்சுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும், அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு உயரத்தில், அதே கிடை இடத்திலேயே அச்சுக்கு மேலே குறியுங்கள். 210 பாகையில் 1.7 செண்டிமீட்டர் கீழே இருந்த புள்ளி 1.7 செண்டிமீட்டர் மேலே வரும். 270 பாகையில் இருந்த பள்ளம் 3.4 செண்டிமீட்டர் உயரமுள்ள மேடாகும். அச்சுக்கு மேலே ஏற்கெனவே இருக்கும் பகுதியைத் தொடவே கூடாது. இங்கே புதியவர்கள் சிலர் அலை முழுவதையும் மேலே தூக்கிவிடுகிறார்கள். அதாவது பள்ளத்தின் அடிப்பகுதி அச்சைத் தொடும்வரை நகர்த்திவிடுகிறார்கள். அது 17 + 17 sin(100πt) என்னும் வேறு அலை. அதன் உச்சம் 34 வோல்ட் ஆகிவிடும். உச்சம் 17-ஐத் தாண்டினால் மடக்குவதற்குப் பதிலாக நகர்த்திவிட்டோம் என்று அறியலாம். |sin x| என்பதற்குப் பதிலாக sin |x| என்று எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அது மதிப்பை மடக்காமல் x-ஐ மட்டும் மடக்குவதால், வலப்பக்கத்தில் எதிர்மறைப் பகுதிகள் அப்படியே கீழே தொங்கிக்கொண்டிருக்கும்.

அச்சைத் தொடும் இடத்தில் கவனம்

இந்த வரைபடத்தின் உயிர்நாடி 0, 180, 360 பாகைகளில் வளைவு அச்சைத் தொடும் இடங்களில் இருக்கிறது. சைன் அலை அச்சைக் கடக்கும்போது அதன் சரிவு மிக அதிகமாக இருக்கும். 180 பாகையில் அது கீழ்நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும்போதே குறி மாற்றப்படுவதால், அதே வேகத்தில் மேல்நோக்கித் திரும்புகிறது. ஆகவே அங்கே வளைவு குழிவாக அமையாமல் கூர்மையான முனையாக அமைய வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட அளவுகோலில் ஒவ்வொரு பக்கமும் அச்சோடு ஏறத்தாழ 60 பாகைச் சாய்வில் வந்து சேரும்.

30 பாகை இடைவெளியில் மட்டும் புள்ளிகளை வைத்துக் கையால் இணைத்தால், பழக்கத்தின் காரணமாக முனையை மழுக்கி ஒரு கிண்ணம்போல் வரைந்துவிடுவோம். இதைத் தவிர்க்க முனைக்கு இருபுறமும் 10 பாகை தள்ளி ஒரு புள்ளி கூடுதலாக வையுங்கள். 17 × sin 10° = 2.95 வோல்ட், எனவே 170 பாகையிலும் 190 பாகையிலும் உயரம் ஏறத்தாழ 0.6 செண்டிமீட்டர். இந்தப் புள்ளிகளிலிருந்து 180 பாகைப் புள்ளிக்கு நேர்கோடு வரைந்தாலே போதும். அந்தச் சிறு தூரத்தில் வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் உள்ள வேறுபாடு பென்சில் கோட்டின் தடிப்புக்குள் அடங்கிவிடும்.

கிண்ணம்போல் வளைந்த அடிப்பகுதி கொண்ட அலை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது sin² x. அதன் அலைவுக் காலமும் |sin x|-க்கு உள்ளதேதான் என்பதால் குழப்பம் எளிதில் வரும். வேறுபடுத்திக் காண 30 பாகையில் உயரத்தைப் பாருங்கள்: |sin x| உச்சத்தில் பாதியாக இருக்கும், sin² x கால் பங்காகவே இருக்கும்.

அலைவுக் காலத்தை அளந்து பார்த்தல்

மெல்லிய டிரேசிங் தாள் ஒன்றை வரைபடத்தின் மேல் வைத்து, மடக்கிய வளைவை முழுவதும் படியெடுங்கள். பிறகு அதைக் கிடைவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். இரண்டு வளைவுகளும் எல்லா இடத்திலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் முதல் நகர்வு 6 செண்டிமீட்டரில் கிடைக்கும். 6 செண்டிமீட்டர் என்பது 180 பாகை, அதாவது 10 மில்லி நொடி. உள்ளே சென்ற அலைக்கு 20 மில்லி நொடி. வெளியே வந்த அலைக்கு அதில் பாதி. அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் ஆகிறது.

"எல்லா இடத்திலும்" என்னும் சொல் முக்கியமானது. 30 பாகையிலும் 150 பாகையிலும் உயரம் ஒன்றே என்பதைப் பார்த்து, அலைவுக் காலம் 120 பாகை என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் புள்ளியில் வளைவு ஏறிக்கொண்டிருக்கிறது, இரண்டாவதில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே இவை ஒரே நிலை அல்ல. 90 பாகையோடு 120-ஐக் கூட்டி 210-ல் பார்த்தால் உயரம் பாதியாகக் குறைந்திருப்பதே இதற்குச் சான்று. அளக்கும்போது முனையிலிருந்து அடுத்த முனைக்கு அளப்பது நல்லது. உச்சியில் வளைவு தட்டையாக இருப்பதால் சரியான இடத்தைக் கண்ணால் குறிக்க முடியாது. முனையோ கூர்மையாகத் தெரியும்.

இதைக் கணக்காகவும் உறுதிசெய்துகொள்ளலாம். sin(x + π) = −sin x என்பது நமக்குத் தெரியும். இருபுறமும் மட்டு மதிப்பு எடுத்தால் |sin(x + π)| = |sin x| என்று கிடைக்கிறது; எனவே π ஒரு அலைவுக் காலம். இதைவிடச் சிறியது ஒன்று இருக்க முடியுமா என்னும் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். T என்பது ஏதேனும் ஒரு அலைவுக் காலம் என்று கொண்டு x = 0 என்று வைத்தால், |sin T| = |sin 0| = 0 ஆக வேண்டும். சைன் பூச்சியமாவது π-யின் முழு மடங்குகளில் மட்டும்தான். ஆகவே π-யைவிடச் சிறிய நேர்மதிப்பு எதுவும் அலைவுக் காலமாக இருக்க முடியாது. sin x-க்குப் பதிலாக sin bx இருந்தால் (b நேர் எண்) அலைவுக் காலம் π/b ஆகும்; நம் சுற்றில் b = 100π என்பதால் π/100π = 0.01 நொடி.

இந்த விடையில் வீச்சு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கோடை நாளில் வேலூரில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் மாலை நேரத்தில் மின்னழுத்தம் 210 வோல்ட்டுக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 17 வோல்ட் உச்சம் 15.5 வோல்ட்டாகக் குறையும். முனைகளுக்கு இடையே உள்ள 10 மில்லி நொடி அப்படியேதான் இருக்கும். அதிர்வெண்ணை நாடு முழுவதுமான மின்தொகுப்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையிலான வரம்புக்குள் வைத்திருக்க முயல்கிறது, 49.90-க்கு இறங்கினாலும் காலம் 10.02 மில்லி நொடிதான். காட்பாடி சந்திப்பு வழியே செல்லும் ரயில்பாதையின் மேல்கம்பியில் இருப்பதும் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரமே, மின்னழுத்தம் மட்டும் 25,000 வோல்ட். நேர்திசை மோட்டார் பொருத்திய பழைய வகை மின் எஞ்சின்கள் அதைத் திருத்தும்போதும் நொடிக்கு 100 மேடுகளே கிடைக்கும்.

பாதியாகாத இடங்கள்

மட்டு மதிப்பு எடுத்தால் அலைவுக் காலம் எப்போதும் பாதியாகும் என்று மனப்பாடம் செய்துகொள்வது ஆபத்தானது. பாதியாவதற்குக் காரணம், சைன் அலையின் இரண்டாம் பாதி முதல் பாதியின் அச்சு அசலான தலைகீழ் வடிவமாக இருப்பதே. அந்தச் சமன் சிறிது குலைந்தாலும் காலம் பழைய 20 மில்லி நொடிக்கே திரும்பிவிடும்.

நடைமுறையில் இதைக் காண எளிய இடம், நடு முனை கொண்ட மின்மாற்றியோடு இரண்டு டையோடுகளை மட்டும் இணைக்கும் திருத்தி. அதில் மின்மாற்றிச் சுருளின் ஒரு பாதி ஒரு மேட்டையும், மறு பாதி அடுத்த மேட்டையும் தருகின்றன. இரண்டு பாதிகளிலும் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை சற்றே வேறுபட்டால், மேடுகள் 17, 16, 17, 16 வோல்ட் என்று மாறி மாறி வரும். முனைகள் இன்னும் 10 மில்லி நொடி இடைவெளியில்தான் இருக்கும். ஆனால் டிரேசிங் தாளை 6 செண்டிமீட்டர் நகர்த்தினால் வளைவுகள் பொருந்தாது, 12 செண்டிமீட்டர் நகர்த்த வேண்டும். கறாராகச் சொன்னால் அலைவுக் காலம் 20 மில்லி நொடி. முனையிலிருந்து முனைக்கு அளப்பது நல்லது என்று மேலே சொன்னேன். அந்த அளவை நம்புவதற்கு முன் அடுத்தடுத்த மேடுகள் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

உண்மையான சுற்றில் தெரியும் வேறுபாடு

சிலிக்கான் டையோடு ஒவ்வொன்றும் மின்னோட்டத்தைக் கடத்தும்போது ஏறத்தாழ 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. நான்கு டையோடுகள் கொண்ட நம் பாலத் திருத்தியில் எந்த நேரத்திலும் இரண்டு டையோடுகள் தொடராக இருப்பதால் 1.4 வோல்ட் குறையும். உச்சம் 17 அன்று, 15.6 வோல்ட். அதைவிடக் கவனிக்க வேண்டியது முனையில் நடப்பது: உள்ளே வரும் மின்னழுத்தம் 1.4 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் வரை எதுவும் வெளியே வராது. 17 sin(100πt) = 1.4 என்பதைத் தீர்த்தால் t ஏறத்தாழ 0.26 மில்லி நொடி. இருபுறமும் சேர்த்து 0.52 மில்லி நொடிக்கு வெளியீடு பூச்சியத்தில் கிடக்கும். நம் தாளில் இது 3 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டைப் பகுதி. கூர்மையாக இருக்க வேண்டிய முனை ஆய்வகத்தில் தட்டையாகத் தெரிந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்; டையோடு தன் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு 10 மில்லி நொடிக்கும் அதே தட்டை அதே அளவில் வருவதால் அலைவுக் காலம் மாறாது.

அலைகாட்டியில் பார்க்கும்போது உள்ளீட்டு இணைப்பை டி.சி. நிலையில் வையுங்கள். ஏ.சி. நிலையில் வைத்தால் கருவி சராசரியை நீக்கிவிடும். நம் அலையின் சராசரி 2 × 17/π, அதாவது 10.8 வோல்ட் என்பதால் படம் ஏறத்தாழ அவ்வளவு கீழே இறங்கி, பாதி எதிர்மறையாகத் தெரியும். திருத்தியே வேலை செய்யவில்லை என்று தோன்றும். ஒரு கட்டத்துக்கு 5 மில்லி நொடி என்று வைத்தால் ஒவ்வொரு மேடும் சரியாக 2 கட்டங்களை எடுத்துக்கொள்ளும். உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒரே நேரத்தில் இரண்டு தடங்களில் பார்க்க ஆசை வரும். பாலத் திருத்தியில் அதைச் செய்யாதீர்கள். இரண்டு தடங்களின் தரைக் கம்பிகளும் கருவிக்குள் ஒன்றாக இணைந்திருப்பதால், ஒன்றை மின்மாற்றியின் முனையிலும் மற்றொன்றை வெளியீட்டின் எதிர் முனையிலும் மாட்டினால் ஒரு டையோடு குறுக்கிணைப்பாகி, மற்றொரு டையோடு மின்மாற்றியின் குறுக்கே நேரடியாக அமர்ந்து எரிந்துபோகும். முதலில் ஒன்றைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, தரைக் கம்பியைக் கழற்றிய பிறகு மற்றதைப் பாருங்கள்.

கணினியில் வரைவதானால்

GeoGebra-வில் `17*abs(sin(100*pi*x))` என்று தட்டினால் வளைவு வந்துவிடும். ஆனால் கிடை அச்சை 0 முதல் 0.03 வரை சுருக்காவிட்டால் மேடுகள் எல்லாம் நெருங்கி ஒரே வண்ணப் பட்டையாகத் தெரியும். பைத்தானில் எழுதுவதானால் இவ்வளவே போதும்:

```python
import numpy as np
import matplotlib.pyplot as plt

t = np.arange(0, 0.0301, 0.0001)
v = 17 * np.abs(np.sin(2 * np.pi * 50 * t))
plt.plot(t * 1000, v)
plt.ylim(-1, 18)
plt.show()
```

இங்கே 0.0001 என்னும் இடைவெளியை, அதாவது 0.1 மில்லி நொடியை, வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறேன். 10 மில்லி நொடியை அது மீதியின்றி வகுப்பதால் ஒவ்வொரு முனையிலும் ஒரு புள்ளி விழும். இடைவெளியை 0.003 ஆக்கிப் பாருங்கள்: 9 மில்லி நொடியில் 5.3 வோல்ட், 12 மில்லி நொடியில் 10 வோல்ட் என்று புள்ளிகள் விழுந்து, இடையில் இருக்கும் முனை காணாமலே போகும். 0.01 ஆக்கினால் எல்லாப் புள்ளிகளும் பூச்சியத்திலேயே விழுந்து ஒரு கிடைக்கோடு மட்டும் கிடைக்கும். அறிவியல் கால்குலேட்டரில் சரிபார்ப்பவர்கள், 100πt என்பது ரேடியன் என்பதால் கருவி பாகை நிலையில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அலைகாட்டி இல்லாதபோது

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து மின்தடையின் குறுக்கே அளந்தாலும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். மீட்டர் காட்டுவது சராசரியை. 10.8 வோல்ட்டிலிருந்து டையோடுகளின் இழப்பைக் கழித்தால் ஏறத்தாழ 9.5 வோல்ட் வரும். 12 வோல்ட் மின்மாற்றி என்று நினைத்து 12-ஐ எதிர்பார்ப்பவர்களுக்கு இது குறைவாகத் தோன்றும், ஆனால் இதுதான் சரி. சுமை சிறிதாக இருக்கும்போது சிறு மின்மாற்றிகள் தம்மேல் எழுதியிருப்பதைவிடச் சற்று அதிகமாகவே தரும் என்பதால் எண் சிறிது கூடலாம். அதே இடத்தில் 4.7 வோல்ட்டை ஒட்டி, அதாவது பாதி மட்டும் காட்டினால், நான்கு டையோடுகளில் ஒன்று திறந்துகொண்டது அல்லது அதன் கால் சரியாகப் பற்றவைக்கப்படவில்லை என்று பொருள். அப்போது ஒரு மேடு வந்து அடுத்த 10 மில்லி நொடி வெறுமையாக இருக்கும். அது (v + |v|)/2 என்னும் அரை அலை, அதன் அலைவுக் காலம் 20 மில்லி நொடி. மின்சாரத்தைத் துண்டித்து, மின்மாற்றியின் கம்பிகளையும் மின்தடையையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு டையோடையும் மீட்டரின் டையோடு நிலையில் இரு திசைகளிலும் சோதித்தால், நல்ல டையோடு ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரை காட்டும். பழுதானது இரு திசைகளிலும் எதையும் காட்டாது. டையோடு நல்லதாக இருந்தும் எண் பாதியாகவே இருந்தால், அதன் இரு கால்களிலும் உள்ள ஈயப்பற்றை மறுபடி சூடாக்கிச் சரிசெய்யுங்கள்.